ஐந்து பெட்டி வைத்தும் கால்மிதி நனைந்தது

எங்கள் வீட்டில் நான்கு பூனைகள், அவை மூத்திரமும் கக்காவும் போக ஐந்து மணல் பெட்டிகள். "எத்தனை பூனையோ அத்தனை பெட்டி, அதற்கு மேல் ஒன்று" என்கிற கணக்கைப் பூனை வளர்ப்பவர்கள் எல்லோரும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன், அப்படியே வாங்கி வைத்தேன். வைத்த பிறகும் மாடியில் குளியலறைக்கு வெளியே கிடக்கும் கால்மிதி வாரத்துக்கு மூன்று நாளாவது நனைந்துவிடும். ஒரு தடவை மடித்து வைத்த துணிமேல். இன்னொரு தடவை என் செருப்புமேல், அதைக் காலை விட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இது அந்தக் கால்மிதியைக் காயவைக்க எனக்கு எடுத்த ஐந்து வாரத்தின் குறிப்பு. கடைசியில் பெட்டிகளைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டில் யார் யார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். மீனு, பதினொரு வயதுக் கிழவி, எல்லோருக்கும் முன்னால் வந்தவள். சுருளி, நான்கு வயது, ஆறு கிலோ, கருத்தடை செய்த ஆண். அப்புறம் அப்பு, குப்பு, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு வயதுப் பையன்கள். சண்டை என்று ஒன்று எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிடும், அதைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டும் இருந்தேன்.

பெட்டிகள் ஐந்தும் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில், சுவரோரம் வரிசையாக இருந்தன. நீளமான ஒடுக்கமான இடம், ஒரே ஒரு கதவு. அள்ள வசதி, கூட்ட வசதி, நாற்றம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அதாவது எல்லா வசதியும் எனக்கு.

கால்மிதியை நனைப்பது யார் என்பதே முதலில் தெரியவில்லை. ஆண் பூனைகள் மூன்று இருக்கும்போது சந்தேகம் அவர்கள்மேல்தான் போகும். ஆனால் நனைந்தது தரை, சுவர் இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம். பூனை நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு சுவரிலோ சோபாவின் பக்கவாட்டிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது இடத்தைக் குறிப்பது, அதன் காரணங்கள் வேறு, வைத்தியமும் வேறு. உட்கார்ந்து, தட்டையான இடத்தில், பெரிய குட்டையாகப் போனால் அதற்குப் போகவேண்டியிருந்தது, பெட்டிக்குப் போகமுடியவில்லை அல்லது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் கால்மிதியில் இருந்தது குட்டை.

இரண்டாவது நாளே நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். மீனு.

உடனே பெட்டியை நகர்த்தத் தொடங்கவில்லை, டாக்டரிடம் கொண்டுபோனேன். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பெட்டிக்கு வெளியே போகிற பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வீக்கமோ கல்லோ இருக்கலாம், வயதானதென்றால் சிறுநீரகம், சர்க்கரை எதுவும் இருக்கலாம். வலிக்கிறது என்றால் பெட்டியைப் பார்த்தாலே அதற்கு அந்த வலிதான் ஞாபகம் வரும், நாம் என்னதான் இடம் மாற்றினாலும் நிற்காது. (ஆண் பூனை பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் அது அவசரம். அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.) மீனுவின் சிறுநீர், இரத்தம் இரண்டும் சரியாக இருந்தன. இடுப்பு மூட்டு மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கிறது, வயசுதானே என்றார் டாக்டர். அதைக் கேட்டுக்கொண்டேனே தவிர, அப்போது பெட்டியோடு சேர்த்து யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம், பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, நூலில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டது. பெட்டிகளுக்கு வாசலிலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்தேன். காலையும் மாலையும் அள்ளும்போது எந்தப் பெட்டியில் எத்தனை மூத்திரக் கட்டி, எத்தனை கக்கா என்று எழுதிவிடுவது. கட்டியாகிற மணலாக இருந்தால்தான் இது முடியும், நான் போடுவது அதுதான், வாசனை சேர்க்காத பொடி மணல்.

நல்ல ஆரோக்கியமான பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை மூத்திரம் போகும், கக்கா பெரும்பாலும் ஒரு தடவை. நான்கு பூனைக்கு எட்டிலிருந்து பதினாறு கட்டி வரை வரலாம். எனக்கு நாளுக்கு எட்டு, ஒன்பது கட்டிகள் கிடைத்தன, சரி, குறைந்தபட்சத்தை ஒட்டி. ஆனால் அவை இருந்த இடம்தான் ஆச்சரியம். முதல் பெட்டியில் ஐந்து. இரண்டாவதில் இரண்டோ மூன்றோ. மூன்றாவதில் ஒன்று. நான்காவதில் எப்போதாவது. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலிருந்த ஐந்தாவது பெட்டியில் ஏழு நாளும் ஒன்றுமே இல்லை. நான் அந்த மணலையும் மாதம் ஒருமுறை மாற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன்! தாளில் ஐந்து பெட்டி, வேலை செய்வது இரண்டரை.

வாஷிங் மெஷின் பக்கம் ஏன் போகவில்லை என்பது யோசிக்காமலே விளங்கும். மூத்திரம் பாதி போய்க்கொண்டிருக்கும்போது அது கடகடவென்று பிழியத் தொடங்கினால் யார்தான் மறுபடி அங்கே போவார்கள். ஆனால் மீனு ஏன் முதல் பெட்டிக்குக்கூட வரவில்லை? அதற்குப் பழைய போன் ஒன்றைச் சமையலறை அலமாரிமேல் சாய்த்து வைத்து, கதவைப் பார்த்தமாதிரி இரவு முழுக்க வீடியோ எடுத்தேன்.

முதல் இரவில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது இரவு மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வந்த காட்சியை மட்டும் ஆறேழு தடவை பார்த்திருப்பேன். துவைக்கும் இடத்தின் நிலைப்படியில் சுருளி குறுக்கே படுத்திருக்கிறான். தூங்கவில்லை, முன்கால்களை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு சமையலறையைப் பார்த்தபடி இருக்கிறான். மீனு மேசைக்காலுக்குப் பின்னாலிருந்து வருகிறாள். இரண்டடி வந்ததும் நிற்கிறாள். சுருளி எழுந்திருக்கவில்லை, உறுமவில்லை, வாயே திறக்கவில்லை. வாலின் நுனி மட்டும் தரையில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. மீனுவின் காது பக்கவாட்டில் திரும்புகிறது. உட்கார்ந்து, திடீரென்று தோள்பட்டையை மூன்று தடவை நக்குகிறாள், ஏதோ அதற்காகவே வந்தவள் மாதிரி. பிறகு வந்த வழியே போய்விடுகிறாள். அதிகபட்சம் நாற்பது நொடி. காலையில் கால்மிதி ஈரம்.

சண்டையே இல்லாத வீடு என்றேனே, இதுதான் அந்தச் சண்டை. பூனைகள் அடித்துக்கொள்வதைவிட வழியில் உட்கார்ந்துகொள்வதும் முறைப்பதும்தான் அதிகம், நம் கண்ணுக்கு அது 'சும்மா படுத்திருக்கிறது' என்றுதான் தெரியும். ஒரே கதவு உள்ள அறையில் ஐந்து பெட்டி வைத்தால் அந்தக் கதவில் படுத்திருக்கிற ஒரு பூனை ஐந்தையும் பூட்டிவிடும். மீனுவின் கணக்கில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெட்டி, அதுவும் பூட்டியது. வரிசையாக ஒட்டி வைத்த பெட்டிகளைப் பூனை ஒரே பெரிய பெட்டியாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று பூனை நடத்தை பற்றித் தெரிந்தவர்கள் சொல்வதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எண்ணவேண்டியது பெட்டியை இல்லை, இடத்தை.

அப்படியானால் எத்தனை இடம்? பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று என்பது தொடக்கத்துக்கு நல்ல கணக்கு, யாரும் கைவிடவேண்டாம். ஆனால் அதைவிடப் பொருத்தமானது, வீட்டில் எத்தனை கூட்டணி இருக்கிறது என்று பார்த்து, கூட்டணிக்கு ஒரு இடம், மேலே ஒன்று என்று வைப்பது. ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கிற, உடம்பு ஒட்டித் தூங்குகிற, எதிரே பார்த்தால் வாலை நிமிர்த்திக்கொண்டு போய்த் தலையை உரசுகிற பூனைகள் ஒரு கூட்டணி. அவை ஒரு பெட்டியைத் தகராறு இல்லாமல் பகிர்ந்துகொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் சாப்பிடுவதை இதில் சேர்க்காதீர்கள், தட்டை அங்கே வைத்தது நாம்தானே, பசி வந்தால் பிடிக்காதவன் பக்கத்திலும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். நான் அனுப்பிய படங்களெல்லாம் அதுதான்.

ஒரு வாரம் கவனித்ததில், அப்புவும் குப்புவும் ஒரே பந்தாகத் தூங்குகிறார்கள், சந்தேகமில்லை. சுருளி அவர்களோடு ஓடிப்பிடித்து விளையாடுவான், ஆனால் ஒட்டித் தூங்கமாட்டான், ஒரு கை தள்ளியே படுப்பான். மீனுவை யாரும் நக்கியதில்லை, அவளும் யாரையும் நக்கியதில்லை. ஆக மூன்று கூட்டணி. மேலே ஒன்று சேர்த்தால் நான்கு இடம்.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் குத்துமதிப்பாக வரைந்தேன். யார் எங்கே தூங்குகிறார்கள் என்று புள்ளி, சாப்பாடு தண்ணீர் இருக்கும் இடம், பிறகு ஒவ்வொரு பூனையும் நடக்கும் வழியைத் தனித்தனி நிறத்தில் கோடு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, மீனுவின் வாழ்க்கையே மாடிதான். படுக்கையறை, ஜன்னல், மாடி நடை. கீழே வருவது சாப்பிடவும் பெட்டிக்கும் மட்டும். அவள் பெட்டிக்குப் போகவேண்டுமென்றால் படி இறங்கி, சோபாவில் படுத்திருக்கும் பையன்களைக் கடந்து, சமையலறை தாண்டி, சுருளியின் நிலைப்படிக்குள் நுழைய வேண்டும். இறுகிய இடுப்போடு! கால்மிதிக்கு எட்டடி நடந்தால் போதும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கால்மிதிதான்.

மாடி இருக்கும் வீட்டில் மாடிக்கு ஒரு பெட்டி கட்டாயம் என்பது இதனால்தான். அதில் நான் தவறியிருந்தேன்.

முதல் புதுப் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசிக்கவே தேவையில்லை, கால்மிதியை எடுத்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். பூனை தானாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்றால் அதோடு வாதாடாமல் பெட்டியை அங்கே கொண்டுபோவதுதான் குறுக்குவழி. பழைய கால்மிதி குப்பைக்குப் போனது. தரையை வெறும் சோப்பால் துடைத்தால் நமக்கு நாற்றம் போய்விடும், பூனையின் மூக்குக்குப் போகாது. மூத்திரக் கறைக்கென்றே நொதி சேர்த்த திரவம் கிடைக்கிறது, அதை ஊற்றி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் துடைக்கவேண்டும். உடனே துடைத்தால் வேலை செய்யாது, முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். பிளீச்சிங் போட வேண்டாம். மூத்திரத்தில் இருக்கும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் தொண்டையைப் பிடிக்கிற நச்சு வாயு வரும். ஒரு புறஊதா டார்ச்சை இரவில் விளக்கணைத்து அடித்துப் பார்த்தேன், காய்ந்த மூத்திரம் வெளிறிய மஞ்சள் பச்சையாக ஒளிரும். மாடி நடையில் எனக்குத் தெரியாத இரண்டு இடங்கள் அப்படித்தான் கிடைத்தன. (சோப்புத்தூள் சிந்திய இடமும் ஒளிரும், முகர்ந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.)

பெட்டி வைத்த அன்று இரவே மீனு அதற்குள் போனாள். ஒரே ஒரு குறை, முன்கால் இரண்டையும் உள்ளே வைத்துவிட்டுப் பின்காலைத் தூக்க யோசித்தாள். அப்போதுதான் டாக்டர் சொன்ன இடுப்பு ஞாபகம் வந்தது. விளிம்பு ஒரு சாண் உயரம். அவளுக்கு அது சுவர்.

சரி, பெட்டியை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். பூனைப் பெட்டி என்று விற்பவை பாதிக்குமேல் சிறியவை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து அதில் ஒன்றரை மடங்கு நீளம் பெட்டிக்கு இருந்தால்தான் பூனை உள்ளே திரும்பித் தோண்டி மூடிவிட்டு வரமுடியும். மீனு 44 சென்டிமீட்டர், ஆக 66 வேண்டும். சுருளி 50, அவனுக்கு 75. துணி வைக்கிற பிளாஸ்டிக் பெட்டிகள்தான் இந்த அளவில் வரும். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பக்கச் சுவரில் மார்க்கரால் U வடிவம் வரைந்தேன், அடியிலிருந்து ஏழு சென்டிமீட்டர் விட்டு. மணல் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழம் போடுவேன் என்பதால் அதற்குக் கீழே வெட்டினால் தோண்டும்போது எல்லாம் வெளியே வரும்.

வெட்டுவதில் ஒரு பெட்டியை வீணாக்கினேன். நேராக ரம்பத்தை வைத்து அறுத்ததில் மூலையில் விரிசல் விட்டு அது அடி வரை ஓடிவிட்டது. இரண்டாவதில் U-வின் இரண்டு கீழ் மூலைகளிலும் முதலில் டிரில்லால் ஓட்டை போட்டுக்கொண்டு, அந்த வட்டத்திலிருந்து இரும்பறுக்கும் பிளேடால் மெதுவாக மேலே அறுத்தேன். மூலை வட்டமாக இருந்தால் விரிசல் ஓடாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்து, மறுபடி தேய்த்து, விளிம்பின்மேல் பழைய குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிட்டேன். கூர்மையான விளிம்பில் ஒரு தடவை வயிறு உரசினால் போதும், அந்தப் பெட்டிப் பக்கமே வரமாட்டாள். மற்ற மூன்று சுவரும் உயரமாக இருப்பதால் மணல் சிதறலும் குறைந்தது.

மூடி போட்ட, குகை மாதிரியான பெட்டி ஒன்றும் என்னிடம் இருந்தது, மூன்றாவது எண். அதன் மூடியைக் கழற்றிவிட்டேன். மூடி பிடிக்கிற பூனைகளும் இருக்கின்றன, தனியாக வளர்கிற பூனைக்கு அதில் தப்பில்லை. பல பூனை இருக்கும் வீட்டில் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாது, வெளியே வர ஒரே வாய், அந்த வாயில் குப்பு காத்திருப்பதை நானே பார்த்தேன். விளையாட்டுத்தான் அவனுக்கு. உள்ளே இருப்பவருக்கு அப்படியா?

அடுத்து மற்ற இடங்கள். துவைக்கும் இடத்தில் வாசலை ஒட்டிய ஒன்றாம் எண் பெட்டியைத் தொடவே இல்லை. எதை மாற்றினாலும் பழைய பெட்டி ஒன்று பழைய இடத்தில் இருக்கவேண்டும், புதியதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்று உறுதியாகும் வரை. ஹாலில் சோபாவுக்குப் பின்னால் ஒன்று வைத்தேன். சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே முக்கால் மீட்டர் விட்டு, இரண்டு முனையும் திறந்திருக்கும்படி. ஒரு பக்கம் யாராவது வந்தால் மறு பக்கம் போய்விடலாம்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "ஏண்டி, நாலு பேர் வந்து உட்காருற இடத்துல பீப்பெட்டியை வைப்பியா?" என்று கேட்டார். "ரெண்டு வாரம் பாரும்மா, நாத்தம் வந்தா எடுத்துடறேன்" என்றேன். நாற்றம் வரவில்லை. ஐந்து பெட்டி ஒரே அறையில் இருந்தபோது வந்த நாற்றத்தில் பாதி, எட்டு கட்டியும் இரண்டு பெட்டியில் குவிந்து மூத்திரம் அடிவரை இறங்கி ஒட்டிக்கொண்டதால் வந்தது. பரவலாகப் போனால் அள்ள எளிது. நாளுக்கு இரண்டு வேளை அள்ளுகிறேன், ஒரு வேளையாவது கட்டாயம் அள்ளவேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மணல் முழுக்க மாற்றி, வாசனையில்லாத சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுகிறேன். நல்ல வாசனை வரட்டும் என்று பினாயில் ஊற்றுவது நமக்குத்தான் வாசனை. அதோடு பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு.

நான்காவது பெட்டி மாடிப்படிக்கு அடியில் போனது, அது தப்பு. பார்க்க அழகான இடம், யாருக்கும் தெரியாது, படத்தில் வருகிற மாதிரி இருக்கும். தாளில் ஐந்து நாள் எண்ணினேன், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். அந்த ஒன்றும் அப்பு. போனை வைத்துப் பார்த்ததில், அப்பு வெளியே வரும்போது நடுப்படியில் உட்கார்ந்திருந்த குப்பு கம்பி இடுக்கு வழியே கையை விட்டுத் தலையில் ஓர் அடி. மூன்று பக்கம் அடைப்பு, மேலே எதிரி. மறைவு வேண்டும் என்று நாம் நினைக்கிறோம், பூனைக்கு வேண்டியது யார் வருகிறார்கள் என்று பார்க்கிற வசதியும் ஓட இன்னொரு வழியும். பெட்டியை என் வேலை அறையில் மேசைக்குப் பக்கவாட்டில், கதவைப் பார்த்தமாதிரி மாற்றினேன். அந்த அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளும் என்பதால் கீழே ஒரு கட்டையைச் செருகி வைத்தேன். பூனை போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு கதவையும் இப்படி யோசியுங்கள், குளியலறையில் பெட்டி வைத்தவர்களுக்குப் பாதிப் பிரச்சனை யாராவது குளிக்கப்போய்த் தாழ் போட்டுக்கொள்வதால்தான்.

இதற்குள் மீனுவின் பெட்டி குளியலறை வாசலில் எல்லோர் காலிலும் இடறிக்கொண்டிருந்தது. அதைப் படுக்கையறை மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், மூன்று மீட்டர் தூரம். நாளுக்கு ஒரு சாண் நகர்த்தினேன். ஆறாவது நாள் விருந்தாளி வருகிறார்கள் என்று ஒரேயடியாக மிச்சத்தை முடித்துவிடலாம் என்று மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை பழைய இடத்தில் குட்டை. திட்டி என்ன பயன், பெட்டியை முந்தின இடத்துக்கே கொண்டுவந்து, இரண்டு நாள் அசையாமல் விட்டு, மறுபடி சாண் சாணாக. மொத்தம் பதினெட்டு நாள் ஆயிற்று.

மூலை என்று சொன்னாலும் சுவரோடு ஒட்டவில்லை. கட்டில் பக்கம் ஒரு வழி, ஜன்னல் பக்கம் ஒரு வழி. அவளுடைய சாப்பாட்டுத் தட்டையும் மேலேயே வைக்கத் தொடங்கினேன், ஆனால் அறையின் எதிர் மூலையில். தின்னும் இடத்துக்குப் பக்கத்தில் போவது பூனைகளுக்கு ஆகாது.

ஐந்தாவது வாரம் மறுபடி ஏழு நாள் தாளில் எழுதினேன். துவைக்கும் இடம், நாளுக்கு மூன்று கட்டி. சோபா பின்னால், மூன்று. வேலை அறை, இரண்டு. மாடி, மூன்று, அவ்வப்போது இரண்டு. மொத்தம் பத்து பதினொன்று. முன்பு எட்டு ஒன்பது. கூடுதலாக வந்த இரண்டும் கால்மிதிக்குப் போனவை மட்டுமல்ல என்று நினைக்கிறேன், மீனு முன்பு அடக்கிக்கொண்டும் இருந்திருக்கிறாள். அந்த வாரம் வெளியே ஒன்றும் இல்லை.

இந்தத் தாளை நான் இன்னும் விடவில்லை, தினமும் எழுதாவிட்டாலும் மாதத்தில் ஒரு வாரம். ஒரு பெட்டியில் தொடர்ந்து ஒன்றும் இல்லையென்றால் அந்த இடம் சரியில்லை, மணலைக் குறை சொல்லும் முன் இடத்தை மாற்றிப் பார்ப்பேன். ஒன்றில் மட்டும் குவிகிறதென்றால் வேறெங்கோ யாரோ வழியை மறிக்கிறார்கள். மாடிப் பெட்டி கிட்டத்தட்ட மீனுவுடையது மட்டும் என்பதால் இன்னொரு லாபம், அவள் கட்டியின் அளவும் எண்ணிக்கையும் தனியாகத் தெரிகிறது. வயதான பூனைக்குக் கட்டி திடீரென்று பெரிதாகிக்கொண்டே போனாலோ எண்ணிக்கை ஏறினாலோ சிறுநீரகத்தையோ சர்க்கரையையோ பார்க்கச் சொல்லவேண்டும்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்ல இருக்கறதே ஒரு ஹால் ஒரு ரூம், மூணு பூனை, நாலு இடத்துக்கு நான் எங்கடி போவேன்?" என்றாள். நியாயம்தான். போய்ப் பார்த்தேன். சின்ன வீட்டில் தூரம் கிடைக்காது, ஆனால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்று தெரியாமல் வைக்கலாம். ஹாலில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு, நடுவே புத்தக அலமாரி மறைக்கும்படி, அறையில் ஒன்று. அவள் பூனைகளில் இரண்டு ஒட்டித் தூங்குகிறவை, ஆகக் கூட்டணி இரண்டுதான், மூன்று இடம் போதும் என்று சொன்னேன். ஒரு பூனை கதவில் படுத்தால் எத்தனை பெட்டி பூட்டப்படுகிறது என்று ஒவ்வொரு கதவுக்கும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். அறைக் கதவை மறித்தாலும் ஹாலில் இரண்டு மிஞ்சுகிறது, சரி. அவளுக்கு இதுவரை பிரச்சனை இல்லை, ஆனால் அவள் வீட்டில் முதலிலும் பிரச்சனை இல்லை, எனவே இதை வெற்றியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஐந்தாவது பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மணல் மாற்றுகிற நாளில், கழுவுகிற பெட்டி காயும் வரை அதன் இடத்தில் இதை வைப்பது வழக்கமாகிவிட்டது. சுருளி இன்னும் அதே நிலைப்படியில்தான் குறுக்கே படுக்கிறான், இரவெல்லாம். மூன்று மணிக்கு மாடியில் மணலைத் தோண்டுகிற சத்தம் கேட்டால் காதை மட்டும் திருப்புகிறான்.